ஹோட்டல் டேபிளில் க்யூஆர் மெனு: ஸ்டிக்கர் அடிப்பதற்கு முன்

கேள்வி: எங்களுடையது 16 டேபிள் உள்ள ஹோட்டல். காலை டிபனிலிருந்து இரவு பரோட்டா வரை எல்லாம் உண்டு. மெனுவை பிடிஎஃப் ஆக்கி, டேபிளுக்கு ஒரு க்யூஆர் ஒட்டலாம் என்று இருக்கிறோம். ஏற்கெனவே அச்சடித்த ஏ4 மெனுவை கூகுள் டிரைவில் போட்டு க்யூஆர் எடுத்துத் தருகிறேன் என்கிறார் டிசைனர். அது போதுமா? விலை மாறும்போதெல்லாம் 16 ஸ்டிக்கரையும் மாற்ற வேண்டி வருமா?

பதில்:

மாற்ற வேண்டி வராது. ஆனால் அது க்யூஆருக்குள் எந்த முகவரியை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏ4 மெனு போதாது. போனில் அதை யாரும் நிம்மதியாகப் படிக்க முடியாது. ஸ்டிக்கரை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை என்றால் நல்லது, கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் முகவரி. க்யூஆருக்குள் மெனு இல்லை. 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க இதை உருவாக்கியபோது பாகத்தின் எண் போன்ற விவரங்களை அதற்குள் வைத்தார்கள். உங்கள் டேபிளில் இருப்பதற்குள் ஓர் இணைய முகவரி மட்டும்தான் இருக்கும். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அந்த எழுத்துகளின் அச்சு வடிவம், அவ்வளவுதான். அச்சடித்த பிறகு அதை மாற்ற வழியே இல்லை. அதனால் மாறக்கூடியது எதுவும் அந்த முகவரியில் இருக்கக் கூடாது. மாற்றம் எல்லாம் முகவரி போய்ச் சேரும் இடத்தில் நடக்க வேண்டும்.

இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

'இலவச க்யூஆர்' என்று தேடினால் வரும் தளங்களில் பிடிஎஃப்பை ஏற்றி, அவர்களே தரும் க்யூஆரை இறக்கி அச்சடிப்பது ஒரு வழி. நான் வேண்டாம் என்று சொல்லும் வழியும் இதுதான். இப்படிப்பட்ட பல தளங்கள் தரும் க்யூஆருக்குள் உங்கள் பிடிஎஃப்பின் முகவரி இருக்காது, அந்தத் தளத்தின் முகவரி இருக்கும். சில நாள் சோதனைக் காலம் முடிந்ததும் அது செயலிழந்து, சந்தா கட்டினால்தான் திறக்கும் என்று ஒரு பக்கம் வரும். அப்போது உங்கள் 16 ஸ்டிக்கரும் அவர்கள் கையில். இதைக் கண்டுபிடிப்பது எளிது: அச்சுக்கு முன் க்யூஆரை போன் கேமராவில் காட்டுங்கள், திறக்காமல் திரையில் வரும் முகவரியை மட்டும் படியுங்கள். உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு தளத்தின் பெயர் வந்தால், அதை அச்சடிக்காதீர்கள்.

உங்கள் டிசைனர் சொல்லும் கூகுள் டிரைவ் இரண்டாவது வழி. இது நடக்கும், செலவும் இல்லை. ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். பகிரும்போது `General access` என்ற இடத்தில் `Anyone with the link` என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளருக்கு மெனுவுக்குப் பதில் அனுமதி கேட்கும் பக்கம் வரும். டிசைனர் தன் போனில் சோதித்தால் அது தெரியாது, ஏனென்றால் கோப்பு அவருடையது, அவருக்கு எப்போதும் திறக்கும். அதனால் வேறு ஆளின் போனில் சோதிக்க வேண்டும். அடுத்தது விலை மாற்றம். பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினால் முகவரி மாறிவிடும், 16 ஸ்டிக்கரும் வீண். அதற்குப் பதில் பழைய கோப்பின் மேல் `Manage versions` என்பதைத் திறந்து `Upload new version` கொடுத்தால் முகவரி அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் மெனு மட்டும் மாறும். மூன்றாவது, அந்த கூகுள் கணக்கு யாருடையது என்பது. டிசைனரின் கணக்கில் இருந்தால், அவர் என்றோ ஒருநாள் இடம் பற்றாமல் பழைய கோப்புகளை அழிக்கும்போது உங்கள் மெனுவும் போகும். ஹோட்டல் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அதன் பாஸ்வேர்டு கல்லாவில் உட்காருபவரிடம் இருக்கட்டும்.

மூன்றாவது வழி சொந்த டொமைன், அதாவது உங்கள் ஹோட்டலுக்கென்று வாங்கும் இணையப் பெயர். நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரு `.in` பெயருக்கு ஆண்டுக்குச் சில நூறு முதல் ஆயிரம் ரூபாய்க்குள் ஆகும். க்யூஆருக்குள் `https://example.com/m` என்பது போல உங்கள் பெயரில் ஒரு சின்ன முகவரியை வைத்துவிடுங்கள். அந்த முகவரியில் எதுவும் இருக்காது. வருபவரை உண்மையான பிடிஎஃப் இருக்கும் இடத்துக்குத் திருப்பிவிடுவது மட்டும்தான் அதன் வேலை. கோப்புகளை வைக்க இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் இடம் சாதாரண அப்பாச்சி ஹோஸ்டிங் என்றால் `.htaccess` கோப்பில் ஒரே வரி:

```
RedirectMatch 302 ^/m/?$ /pdf/menu-2025-07.pdf
```

விலை மாறும்போது புதிய பிடிஎஃப்பை `menu-2025-10.pdf` என்று வேறு பெயரில் ஏற்றி, இந்த வரியில் பெயரை மாற்றினால் முடிந்தது. இதில் இரண்டு விஷயங்கள் வேண்டுமென்றே செய்தவை. எண் 302 என்றால் 'தற்காலிகமாக அங்கே போ' என்று பொருள். 301 போட்டால் 'நிரந்தரமாக அங்கேதான்' என்று பொருள், போனில் இருக்கும் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை உங்களைக் கேட்காமலே பழைய மெனுவுக்குப் போய்விடக்கூடும். அடிக்கடி வரும் வாடிக்கையாளருக்குத்தான் இது நடக்கும், பழைய விலையைக் காட்டிச் சண்டை போடப்போவதும் அவர்தான். பிடிஎஃப்புக்கு ஒவ்வொரு முறையும் புதுப்பெயர் வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். `menu.pdf` என்று ஒரே பெயரில் மேலெழுதினால், போன் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதியைக் காட்ட வாய்ப்பு உண்டு. பெயர் புதிது என்றால் அந்தப் பேச்சே இல்லை.

ஹோஸ்டிங் எல்லாம் எதற்கு என்று தோன்றினால், டொமைன் வாங்கும் இடத்திலேயே பெரும்பாலும் 'ஃபார்வர்டிங்' வசதி இருக்கும். உங்கள் முகவரியை டிரைவ் லிங்குக்குத் திருப்பிவிடலாம். அங்கேயும் 302 அல்லது `Temporary` என்பதைத் தேர்ந்தெடுங்கள். `https` என்று தொடங்கும் முகவரியும் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில ஃபார்வர்டிங் வசதிகளில் `http` மட்டும்தான் வேலை செய்யும். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும், தானாகப் புதுப்பிக்கும்படியும் வைக்க வேண்டும். புதுப்பிக்க மறந்து அது காலாவதியானால் வேறு யாரும் அந்தப் பெயரை வாங்கலாம். அப்புறம் உங்கள் டேபிளில் ஸ்கேன் செய்பவர் எங்கே போய் நிற்பார் என்பது அவர்கள் விருப்பம்.

சின்ன முகவரிக்கு இன்னொரு லாபமும் உண்டு. க்யூஆரில் எழுத்து கூடக் கூட கட்டங்களும் கூடும். மேலே சொன்ன முகவரி 21 எழுத்து, அது 25-க்கு 25 கட்டத்தில் அடங்கிவிடும். டிரைவ் லிங்க் எண்பது எழுத்தைத் தாண்டும், அதற்கு 37-க்கு 37 கட்டமாவது தேவைப்படும். இரண்டையும் ஒரே 4 செ.மீ. சதுரத்தில் அச்சடித்தால் முதலாவதில் ஒரு கட்டம் 1.6 மி.மீ., இரண்டாவதில் 1 மி.மீ.யை ஒட்டி. இரவு விளக்கு மங்கலாக இருக்கும் மூலை டேபிளில், கேமரா கீறிய பழைய போனில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இனி பிடிஎஃப். உங்கள் ஏ4 மெனு ஏன் ஆகாது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. சாதாரண போன் திரையின் அகலம் 68 மி.மீ. அளவில் இருக்கும். பக்கம் திரைக்குள் அடங்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். தாளில் 11 பாயிண்டில் தெளிவாக இருந்த 'நெய் ரோஸ்ட்' போனில் மூன்றரை பாயிண்டுக்கு வந்துவிடும். வாடிக்கையாளர் விரலால் பெரிதாக்குவார். பெரிதாக்கினால் பதார்த்தத்தின் பெயர் இடது பக்கம் தெரியும், விலை வலது பக்கம் திரைக்கு வெளியே நிற்கும். நகர்த்தி விலையைப் பார்த்தால் எந்த வரி என்று தெரியாது. மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு 'தம்பி, மெனு கார்டு இல்லையா?' என்று கேட்பார். க்யூஆர் வைத்த ஹோட்டல்களில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்.

அதனால் போனுக்கு என்று தனியாக ஒரு பிடிஎஃப் செய்யச் சொல்லுங்கள். டிசைனரிடம் சொல்ல வேண்டியது: பக்கத்தின் அகலம் 1080 பிக்சல், ஒரே பத்தி, இரண்டு பத்தி கூடாது. பதார்த்தத்தின் பெயருக்கு 48 பிக்சல் எழுத்து. இது போன் திரையில் எட்டரை பாயிண்ட் அளவில் வரும், ஏறக்குறைய பத்திரிகை எழுத்து. 42-க்குக் கீழே எதுவும் போகக் கூடாது, 'ஜிஎஸ்டி தனி' என்ற சின்ன வரி உட்பட. இரு பக்கமும் 60 பிக்சல் ஓரம் விட்டு, விலைக்கு வலது ஓரத்தில் 160 ஒதுக்கினால், பெயருக்கு 800 பிக்சல் கிடைக்கும். 'செட்டிநாடு சிக்கன் பிரியாணி' ஒரே வரியில் அடங்கிவிடும். அதைவிட நீளமான பெயர்கள் இரண்டு வரியாகட்டும், எழுத்தைச் சுருக்க வேண்டாம். தமிழுக்கு மேலும் கீழும் ஆங்கிலத்தைவிட அதிக இடம் வேண்டும். வரி இடைவெளியை நெருக்கினால் மேல் வரியின் 'ரு'வின் வாலும் கீழ் வரியின் 'கி'யின் கொம்பும் முட்டிக்கொள்ளும்.

உங்கள் மெனுவில் 140 பதார்த்தங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 110 பிக்சல் உயரம் என்றால் மொத்தம் 15,400 பிக்சல். 1080-க்கு 1920 அளவுள்ள பக்கங்களில் எட்டு வரும், தலைப்புகளையும் சேர்த்தால் ஒன்பது பத்து ஆகலாம். பத்துப் பக்கம் என்று பயப்பட வேண்டாம், போனில் அது ஒரே நீளமாகக் கீழே ஓடும். ஆனால் காலை ஏழு மணிக்கு இட்லி சாப்பிட வந்தவர் தந்தூரியையும் ஃபிரைடு ரைஸையும் தாண்டிப் போகக் கூடாது. டிபன் காலையும் இரவும் இருக்கும், சாப்பாடு மதியம் மட்டும், பரோட்டா மாலையிலிருந்து என்று நம்மூர் ஹோட்டல் மெனு நேரத்தைப் பிடித்து நடப்பது. மெனுவின் வரிசையும் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு பிரிவையும் புதுப் பக்கத்தில் தொடங்கி, தலைப்புக்குப் பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். 'சாப்பாடு, 12 முதல் 3.30 வரை' என்று இருந்தால் சப்ளையருக்கு ஒரு பதில் மிச்சம்.

முதல் பக்கத்தில் ஹோட்டல் லோகோவையும் கோபுரப் படத்தையும் முழுத் திரைக்குப் போட டிசைனர்கள் ஆசைப்படுவார்கள். வேண்டாம். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டவருக்கு அது எந்த ஹோட்டல் என்று தெரியும். மேலே பெயர் ஒரு வரி, உடனே மெனு.

தமிழ் எழுத்தில் ஒரு பெரிய குழி இருக்கிறது. அச்சுத் தொழிலில் இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் போன்ற மென்பொருள்கள்தான் அதிகம். இந்திய மொழிகளுக்கான அமைப்பை அவற்றில் சரியாக வைக்காவிட்டால் யூனிகோட் தமிழ் உடைந்து நிற்கும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று தனியாக முளைக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்துக்கான அமைப்பில் `Show Indic Options` என்பதையும், இன்டிசைனில் `World-Ready Paragraph Composer` என்பதையும் தேர்ந்தெடுத்தால் இது சரியாகும். இதைத் தவிர்க்கப் பல டிசைனர்கள் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே தட்டச்சு செய்கிறார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது தமிழ் உருவம் போட்ட ஆங்கில எழுத்துகள். அதனால் வாடிக்கையாளர் போனில் 'பிரியாணி' என்று தேடினால் கிடைக்காது, பார்வையற்றவரின் போன் படித்துக் காட்டும்போது ஆங்கில எழுத்துகளாக உளறும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான், ஹிந்த் மதுரை இவையெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்கள், ஏதாவது ஒன்று போதும்.

சரிபார்க்கும்போது முழு மெனுவையும் எழுத்துக்கூட்டிப் படிக்க நேரம் இருக்காது. 'தோசை', 'பொங்கல்', 'கொத்து பரோட்டா', 'கோலா உருண்டை', 'பூண்டு சட்னி' என்று ஒ, ஓ, உகரம், ஊகாரம் வரும் சொற்களை மட்டும் பாருங்கள். உடைந்திருந்தால் முதலில் இவற்றில்தான் தெரியும். அதுவும் டிசைனரின் கணினியில் பார்க்காமல், போனில் பாருங்கள்.

அடுத்தது கோப்பின் எடை. அச்சுக்குச் செய்த பிடிஎஃப் 20 எம்பி, 30 எம்பி என்று இருக்கும். ஏசி ஹாலுக்குள் நெட் நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 20 எம்பி இறங்க 40 நொடி ஆகும். அதற்குள் சப்ளையர் வந்து நின்றுவிடுவார். 2 எம்பிக்குள் என்றால் 4 நொடி. எடை எல்லாம் படங்களில்தான் இருக்கிறது, எழுத்தில் இல்லை. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் படம் போடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள், பிரிவுக்கு ஒன்று போதும். கனமான பிடிஎஃப் ஏற்கெனவே கையில் இருந்தால், கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்து இப்படிக் குறைக்கலாம்:

```
gs -sDEVICE=pdfwrite -dPDFSETTINGS=/ebook -dNOPAUSE -dBATCH \
   -sOutputFile=menu-2025-07.pdf menu-print.pdf
```

இது படங்களை 150 டிபிஐக்கு இறக்கும், போன் திரைக்கு அது தாராளம். `/screen` என்று போட்டால் 72 டிபிஐ, இன்னும் சிறிதாகும், ஆனால் பிரியாணிப் படம் கலங்கலாகத் தெரியும்.

பிடிஎஃப்பில் ஒரு பிறவிக் குறை உண்டு, அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். ஐபோனில் அது பிரவுசருக்குள்ளேயே திறந்துவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களில் முதலில் டவுன்லோடு ஆகி, பிறகு வேறொரு ஆப்பில் திறக்கும். அப்படி இறங்கிய பிரதி அந்த போனிலேயே தங்கிவிடும். வாட்ஸாப்பில் சொந்தக்காரர்களுக்கும் போகும். எட்டு மாதம் கழித்து ஒருவர் அதை எடுத்துக் காட்டி, 'இதில் மட்டன் சுக்கா விலை குறைவாகப் போட்டிருக்கிறதே' என்பார். அதனால் முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழேயே, 'இந்த விலைகள் 1-7-2025 முதல்' என்று தேதி போடுங்கள். விலை மாறும் ஒவ்வொரு முறையும் தேதியும் மாற வேண்டும். கல்லாவில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இந்த ஒரு வரியால் அடங்கும். விலை ஜிஎஸ்டியோடு சேர்ந்ததா, தனியா என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

மெனு என்பது பேப்பரானாலும் திரையானாலும் மெனுதான். சைவம் அசைவம் அடையாளம் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் இருக்கட்டும். சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். நிறம் மட்டும் நம்பி வைக்காமல் வட்டம், முக்கோணம் என்ற வடிவ வேறுபாட்டையும் காப்பாற்றுங்கள், நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் சாப்பிட வருவார்கள். ஒரு பரிமாறலுக்கு எத்தனை கலோரி என்று போட வேண்டிய உணவுப் பாதுகாப்பு விதி, மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து, அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்களுக்கு உரியது. ஒரே ஹோட்டல், மாநில உரிமம் என்றால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

இப்போது டேபிளுக்கு வருவோம். 16 டேபிளுக்கும் 16 வெவ்வேறு க்யூஆர் வேண்டுமா என்றால், வேண்டாம். பிடிஎஃப்புக்கு அது எந்த டேபிளில் திறக்கப்பட்டது என்று தெரிந்து ஆகப்போவது எதுவும் இல்லை. ஒரே க்யூஆரை எல்லா டேபிளிலும் ஒட்டினால், நாற்காலி மேசையை மாற்றிப்போட்டாலும் கவலை இல்லை, உபரி ஸ்டிக்கர் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். டேபிள் எண்ணைத் தனியாகப் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். போனிலேயே ஆர்டர் எடுக்கும் முறைக்குப் போகும் அன்றுதான் டேபிளுக்கு ஒரு க்யூஆர் என்பதற்கு அர்த்தம் வரும், அது பிடிஎஃப்பால் ஆகிற காரியமும் இல்லை.

அளவு 4 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். அதைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெற்று வெள்ளை விட வேண்டும், நம் கணக்கில் அது ஆறரை மி.மீ. டிசைனர்கள் அழகுக்காக இந்த வெள்ளையைத்தான் முதலில் வெட்டுவார்கள், அல்லது அதற்குள் பூக்கோலம் போடுவார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை க்யூஆரும் வேண்டாம், சில போன்கள் படிக்காது. நடுவில் லோகோ வைத்தாலும் வேலை செய்கிறதே என்பார்கள். செய்யும்தான், க்யூஆரில் பிழை திருத்தும் வசதி இருக்கிறது: எம் நிலையில் 15 சதவீதம், க்யூ நிலையில் 25, எச் நிலையில் 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்கும். ஆனால் அந்த இருப்பை லோகோவுக்குச் செலவழித்துவிட்டால் சாம்பார் கறைக்கு என்ன மிச்சம்? ஹோட்டல் டேபிளுக்கு க்யூ நிலை வையுங்கள், லோகோவைப் பக்கத்தில் தள்ளுங்கள். க்யூ நிலையில் நம் முகவரிக்கு 29 கட்டம் ஆகும், பரவாயில்லை. மூலையில் இருக்கும் மூன்று பெரிய சதுரங்களை மட்டும் எந்த நிலையும் காப்பாற்றாது. அவற்றைப் பார்த்துத்தான் கேமராவே இது க்யூஆர் என்று கண்டுபிடிக்கிறது. ஸ்டிக்கரின் மூலை உரிந்து போனால் அதை மாற்றிவிட வேண்டியதுதான்.

பளபளப்பான லேமினேஷன் போட்டால் மேலே இருக்கும் டியூப்லைட் அதில் நேராகத் தெரிந்து, கேமராவுக்கு வெள்ளைப் பட்டைதான் கிடைக்கும். மேட் லேமினேஷன் கேளுங்கள். கண்ணாடி டேபிளுக்கு அடியில் வைத்தாலும் இதே சிக்கல் வரும். டேபிள் மேல் படுக்கையாக ஒட்டினால் ஈரத்துணியில் ஒரு நாளைக்குப் பலமுறை துடைபடும், ஓரம் சீக்கிரம் எழும். இடம் இருந்தால் சாய்வான அக்ரிலிக் ஸ்டாண்டு நல்லது. நான்கு பேர் டேபிளில் இலை போட்டால் ஸ்டாண்டுக்கு இடம் இருக்காது. அப்போது டேபிளை ஒட்டிய சுவரில், உட்கார்ந்தவரின் கண் உயரத்துக்கு ஒட்டுங்கள். அதற்கு அளவு பெரிதாக வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு என்பது நடைமுறைக் கணக்கு, 80 செ.மீ. தூரம் என்றால் 8 செ.மீ. சதுரம்.

நம்மூரில் வரும் ஒரு குழப்பம் இருக்கிறது. க்யூஆர் என்றாலே பணம் கட்டுவது என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். டேபிளில் க்யூஆரைப் பார்த்ததும் கூகுள் பேயையோ போன்பேயையோ திறந்து ஸ்கேன் செய்வார்கள், இது பணம் கட்டும் க்யூஆர் இல்லை என்று ஆப் சொல்லும், உங்கள் க்யூஆர் கெட்டுவிட்டதாக முடிவு செய்துவிடுவார்கள். அதனால் மேலே 'மெனு' என்று பெரிதாகவும், கீழே 'போன் கேமராவில் காட்டவும்' என்றும் எழுதுங்கள். அதற்கும் கீழே உங்கள் முகவரியை எழுத்தில் அச்சடியுங்கள். ஸ்கேன் ஆகாதவர் தட்டச்சு செய்துகொள்வார். யாராவது மேலே வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனாலும், திரையில் வரும் பெயரும் தாளில் இருக்கும் பெயரும் வேறாக இருப்பது கண்ணில் படும். கடைகளில் பணம் வாங்கும் க்யூஆர் மேல் இப்படி ஒட்டி ஏமாற்றிய செய்திகள் வந்திருக்கின்றன. டேபிள் துடைக்கும் பையனிடம் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லிவையுங்கள். பணம் கட்டும் க்யூஆர் கல்லாவில் மட்டும் இருக்கட்டும், மெனு க்யூஆருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

க்யூஆர் வந்துவிட்டது என்று அச்சடித்த மெனு கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். நாலைந்து கார்டு கல்லாவில் இருக்கட்டும். பட்டன் போன் வைத்திருப்பவர், கண்ணாடி எடுத்து வராத பெரியவர், போனில் சார்ஜ் தீர்ந்தவர் தினமும் வருவார்கள். அவர்கள் கேட்டு வாங்கும் நிலை வராமல், சப்ளையரே பார்த்துக் கொடுத்தால் மரியாதை. இன்னொன்று, 'ஆட்டுக்கால் சூப் தீர்ந்துவிட்டது' என்று பிடிஎஃப்பால் சொல்ல முடியாது. நாளுக்கு நாள் மாறும் ஸ்பெஷல்களை அதில் போடவே வேண்டாம், அது வழக்கம்போல் வாசல் பலகையில் இருக்கட்டும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். டொமைனும் திருப்பிவிடும் வரியும் முதலில். பிறகு போன் அளவு பிடிஎஃப். பிறகு சாதாரணத் தாளில் ஒரே ஒரு க்யூஆரை அச்சடித்து, சிக்னல் மோசமான, வெளிச்சம் குறைந்த டேபிளில் செலோடேப் போட்டு ஒட்டுங்கள். ஹோட்டல் வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு பழைய ஆண்ட்ராய்டு, ஒரு புது ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன் மூன்றிலும் திறந்து பாருங்கள். அப்புறம் பிடிஎஃப்பில் ஏதாவது ஒரு விலையை மாற்றி, புதுப்பெயரில் ஏற்றி, அதே மூன்று போனிலும் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். மூன்றிலும் புது விலை வந்தால் அச்சுக்குக் கொடுக்கலாம். 16 போதாது, 25 அடித்து வையுங்கள். நாளைக்கு பிடிஎஃப் வேண்டாம், ஒரு சின்ன வெப் பக்கத்தில் காலை, மதியம், இரவு என்று மூன்று பட்டன் வைக்கலாம் என்று தோன்றினாலும் `/m` எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் மாற்றினால் போதும், மிச்சம் இருக்கும் ஸ்டிக்கர்கள் அப்போதும் பயன்படும்.